வியாபாரம் கைமாறும்போது ஒப்பந்தங்களை மாற்றுவது எப்படி: அசைன்மென்ட், நோவேஷன் முழு வழிகாட்டி

ஒரு வியாபாரத்தை விற்கும்போது மேசை, நாற்காலி, இயந்திரம் எல்லாம் சுலபமாகக் கைமாறிவிடும். ஒப்பந்தங்கள் அப்படி மாறுவதில்லை. ஒப்பந்தத்தின் மறுமுனையில் இன்னொருவர் இருக்கிறார், அவருக்கு இந்த விற்பனையோடு சம்பந்தமே இல்லை. விற்பனைப் பத்திரத்தில் "எல்லா ஒப்பந்தங்களும் வாங்குபவருக்கு மாற்றப்படுகின்றன" என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரி விற்பவரையும் வாங்குபவரையும் மட்டும்தான் கட்டும். கையெழுத்துப் போடாத வாடிக்கையாளரை அது கட்டாது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துப் போகிறேன். லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்று தன் பராமரிப்புப் பிரிவை மட்டும் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கிறது. அந்தப் பிரிவில் 40 ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரியது ஒரு மருத்துவமனையோடு போட்ட மூன்று வருட ஒப்பந்தம்: 6 லிஃப்ட், வருடக் கட்டணம் 12 லட்சம், ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் முழு வருடத்துக்கும் முன்பணமாக வந்துவிடும். வியாபாரம் கைமாறும் நாள் ஜூலை 1.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் பொதுவாக உள்ள நிலையைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை அதன் கடைசிப் பக்கங்களில் பார்த்துக்கொண்டு, வித்தியாசம் வரும் இடங்களை உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் விற்பனையின் வடிவத்தைக் கேளுங்கள்

ஷரத்துகளைப் படிக்க உட்காரும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விற்கப்படுவது நிறுவனத்தின் பங்குகளா, இல்லை நிறுவனத்தின் உள்ளே இருக்கும் வியாபாரமும் சொத்துகளுமா?

பங்குகள் விற்கப்பட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நிறுவனம் அப்படியே இருக்கிறது. முதலாளி மட்டும்தான் மாறுகிறார். ஒப்பந்தம் எங்கும் நகரவில்லை என்பதால் உரிமையை மாற்றிக்கொடுக்கும் அசைன்மென்டும் வேண்டாம், பழையதை முடித்துப் புதியவரோடு புது ஒப்பந்தம் உண்டாக்கும் நோவேஷனும் வேண்டாம். அப்போது தேட வேண்டியது வேறு ஒன்று: நிறுவனத்தின் மேலுள்ள கட்டுப்பாடு வேறொருவர் கைக்கு மாறினால் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றோ, முன் ஒப்புதல் வேண்டும் என்றோ சொல்லும் ஷரத்து. அது தனித் தலைப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. முறிவு ஷரத்தின் நடுவில் ஒரு துணைப் பிரிவாகவோ, "மாற்றிக்கொடுத்தல் என்பதில் கட்டுப்பாடு மாறுவதும் அடங்கும்" என்று ஆரம்பத்து விளக்கங்களிலோ ஒளிந்திருக்கும்.

சொத்துகளாக விற்கப்பட்டால் கையெழுத்துப் போட்ட நிறுவனம் ஒன்று, இனிமேல் வேலை செய்யப்போகும் நிறுவனம் வேறொன்று. ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயாக வேண்டும். நம் லிஃப்ட் உதாரணம் இந்த வகை.

மூன்றாவது வகை, இரண்டு நிறுவனங்கள் சட்டப்படி இணைவது. ஒப்பந்தங்கள் தானாகவே மாறுமா என்பதை அந்த நாட்டின் நிறுவனச் சட்டமும் ஷரத்தின் வார்த்தைகளும் சேர்ந்து முடிவு செய்யும். "சட்டத்தின் இயக்கத்தால் நேரும் மாற்றம் உட்பட" என்று ஷரத்தில் இருந்தால், இணைப்பையும் அது பிடிக்கலாம் என்று எடுத்துக்கொண்டு ஒப்புதல் கேட்பதுதான் பாதுகாப்பு.

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பதில் முப்பது ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் வேண்டும் என்று தெரிந்தால், சொத்து விற்பனைக்குப் பதில் பங்கு விற்பனையாகவே செய்துவிடலாம் என்ற முடிவுக்கு இரு தரப்பும் வரக்கூடும். விற்பனைப் பத்திரம் கையெழுத்தான பிறகு இது தெரிந்தால் பயனில்லை.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒப்பந்தத்தின் கையெழுத்தான பிரதி வேண்டும். கம்ப்யூட்டரில் கிடக்கும் வரைவுப் பிரதி போதாது, ஏனென்றால் கடைசி நேரப் பேச்சுவார்த்தையில் மாறுவது பெரும்பாலும் இந்த மாதிரி ஷரத்துகள்தான்.

அதோடு பின்னால் போட்ட திருத்தக் கடிதங்கள், புதுப்பிப்புக் கடிதங்கள், இணைப்புகள், பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்க நிபந்தனைகள் எல்லாம் வேண்டும். மருத்துவமனை ஒப்பந்தத்தில் மாற்றிக்கொடுப்பதைப் பற்றி ஒன்றுமே இல்லாமல் இருந்து, இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கடிதம் "மருத்துவமனையின் கொள்முதல் நிபந்தனைகள் பொருந்தும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அந்த நிபந்தனைகளுக்குள் தடை இருக்கலாம்.

அப்புறம் மூன்று பட்டியல்கள்: ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வர வேண்டிய பாக்கி, ஏற்கெனவே வாங்கிவிட்ட முன்பணம், ஒப்பந்தத்துக்காகக் கொடுத்த அல்லது வாங்கிய கேரண்டிகள். விற்பவர் கடன் வாங்கியிருந்தால் வர வேண்டிய பாக்கிகள் வங்கிக்கு அடமானமாக இருக்கலாம். அந்த வங்கியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பாக்கிகளை விற்க முடியாது.

3. ஷரத்தைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

மருத்துவமனை ஒப்பந்தத்தின் ஷரத்து இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"எந்தத் தரப்பும் மற்றத் தரப்பின் எழுத்துமூலமான முன் ஒப்புதல் இல்லாமல் இந்த ஒப்பந்தத்தையோ, அதன் கீழ் உள்ள உரிமைகளையோ, கடமைகளையோ மாற்றிக்கொடுக்கக் கூடாது. தகுந்த காரணமின்றி ஒப்புதலை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது."

முதல் வாக்கியம் தடை. தடை எதன் மேல் என்று பாருங்கள். "உரிமைகளையோ" என்று இருப்பதால் பாக்கிப் பணத்தை வாங்கும் உரிமையைக்கூட ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது. "முன்" என்ற சொல்லும் முக்கியம்: மாற்றிவிட்டு அப்புறம் ஒப்புதல் வாங்கினால் ஷரத்தை மீறியது மீறியதுதான்.

இரண்டாவது வாக்கியம் நமக்குச் சாதகம். அது இல்லாவிட்டால், பொதுவாக மருத்துவமனை காரணமே சொல்லாமல் மறுக்கலாம். அது இருப்பதால், வாங்குபவரிடம் தகுதியான டெக்னீஷியன் இல்லை, காப்பீடு போதாது என்பது போன்ற, ஒப்பந்தத்தோடு தொடர்புள்ள காரணம் சொல்ல வேண்டும். "கட்டணத்தைக் குறைத்தால்தான் ஒப்புவோம்" என்று சொன்னால் அது தகுந்த காரணம் அல்ல என்று வாதாட இடம் இருக்கிறது.

தடையை மீறி மாற்றினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1993-ல் லிண்டன் கார்டன்ஸ் வழக்கில் இதை முடிவு செய்தது. தடை இருக்கும்போது ஒப்புதல் இல்லாமல் செய்த அசைன்மென்ட், ஒப்பந்தத்தின் மறுதரப்பைப் பொறுத்தவரை செல்லாது. நம் உதாரணத்தில் அதன் அர்த்தம்: வாங்குபவர் மருத்துவமனையிடம் போய்ப் பணம் கேட்டால், "உங்களை எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்லலாம். சில நாடுகளில் வர வேண்டிய பாக்கிகளுக்கு மட்டும் இந்தத் தடை செல்லாது என்று தனிச் சட்டங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தும் 2018-ல் சில வகை வணிக ஒப்பந்தங்களுக்கு அப்படி விதி கொண்டுவந்தது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. ஒப்பந்தத்தின் கடைசியில் "இந்த ஒப்பந்தம் தரப்பினரையும் அவர்களின் வாரிசுகளையும் அனுமதிக்கப்பட்ட உரிமை பெறுவோரையும் கட்டுப்படுத்தும்" என்று ஒரு வரி இருக்கும். இதைப் படித்துவிட்டு, மாற்ற அனுமதி இருக்கிறது என்று பட்டியலில் டிக் போட்டுவிடுகிறார்கள். அந்த வரி எந்த அனுமதியும் தரவில்லை. வேறு எங்காவது அனுமதி கிடைத்து ஒருவர் உள்ளே வந்தால் அவரும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவார் என்று மட்டும்தான் சொல்கிறது.

இன்னொரு இடம், "குழும நிறுவனத்துக்கு ஒப்புதல் இல்லாமல் மாற்றலாம்" என்ற விதிவிலக்கு. முதலில் ஒரு துணை நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு அந்தத் துணை நிறுவனத்தின் பங்குகளை விற்கலாமே என்று யோசனை வரும். சில சமயம் இது சரியாகவே வேலை செய்யும். ஆனால் "குழும நிறுவனமாக இருக்கும்வரை மட்டும்" என்ற சொற்களோ, கட்டுப்பாடு மாறும் ஷரத்தோ இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். இரண்டையும் தேடிவிட்டுத்தான் இந்த யோசனையைச் சொல்ல வேண்டும்.

4. அசைன்மென்ட் போதுமா, நோவேஷன் வேண்டுமா

அசைன்மென்ட் உரிமையை மாற்றும். பணம் வாங்கும் உரிமை, சேவை பெறும் உரிமை, வாரன்டியைக் கேட்கும் உரிமை எல்லாம் இதில் அடங்கும். கடமையை அது மாற்றாது. நோவேஷன் பழைய ஒப்பந்தத்தை முடித்துவைத்து, அதே நிபந்தனைகளில் புதியவரோடு புது ஒப்பந்தத்தை உண்டாக்கும். அதனால்தான் அதற்கு மூன்று தரப்பின் சம்மதமும் வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 62-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியதை வைத்துக்கொள்ளத் தரப்பினர் உடன்பட்டால், பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை.

மருத்துவமனை ஒப்பந்தத்தை அசைன்மென்ட் மட்டும் செய்தால் என்ன நடக்கும்? கட்டணம் வாங்குபவருக்கு வரும். ஆனால் லிஃப்ட் நின்றால் மருத்துவமனை வழக்குப் போடுவது விற்பவர் மேல்தான், ஏனென்றால் பராமரிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். வியாபாரத்தை விற்றுவிட்டு, டெக்னீஷியன்களையும் அனுப்பிவிட்டு, பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார். "கடமைகளை வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார்" என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதியிருந்தால், நஷ்டத்தை வாங்குபவரிடம் திருப்பிக் கேட்கலாம். மருத்துவமனையின் முன்னால் அது அவரைக் காப்பாற்றாது.

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஒப்பந்தத்தில் இனிமேல் விற்பவர் செய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா? இருந்தால் நோவேஷன். வேலை முடிந்து பணம் மட்டும் வர வேண்டியிருந்தால் அசைன்மென்ட் போதும். நாற்பது பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கும் நோவேஷன். பிப்ரவரியில் உதிரிபாகம் மாற்றியதற்கு வர வேண்டிய பில் பாக்கிகளுக்கு அசைன்மென்ட்.

சாஃப்ட்வேர் உரிமங்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் உரிமம் பெற்றவருக்கு மட்டும் என்று கொடுக்கப்பட்டவை. ஷரத்து மௌனமாக இருந்தாலும் மாற்றலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊழியர்களின் வேலை ஒப்பந்தங்களும் தனி. அவற்றை ஒவ்வொரு நாட்டின் தொழிலாளர் சட்டமும் தன் போக்கில் கையாளுகிறது, இந்த வழிகாட்டிக்குள் அவை வராது.

5. ஒப்புதல் கேட்கும் வரிசை

விற்பனைப் பத்திரம் கையெழுத்தாவதும் வியாபாரம் கைமாறுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்பதில்லை. இடையில் சில வாரங்கள் விட்டுவைப்பது ஒப்புதல் வாங்குவதற்காகத்தான். கையெழுத்துக்கு முன்பே எல்லா வாடிக்கையாளரிடமும் போனால் செய்தி வெளியே கசியும், பேரம் முறிந்தால் விற்பவருக்குக் கெட்ட பெயர் மிஞ்சும். கைமாறிய பிறகு போனால் "முன் ஒப்புதல்" என்ற நிபந்தனையை மீறியதாகும்.

பெரிய ஒப்பந்தங்கள் இரண்டு மூன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அவை இல்லாவிட்டால் வாங்குபவர் இந்த வியாபாரத்தை வாங்கவே மாட்டார் என்றால், அந்த ஒப்புதல்களை விற்பனைக்கு முன்நிபந்தனையாகவே பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். மருத்துவமனை கையெழுத்துப் போடாவிட்டால் ஜூலை 1 தள்ளிப்போகும், அல்லது விலை குறையும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நாற்பதையும் முன்நிபந்தனை ஆக்கினால், மிகச் சிறிய வாடிக்கையாளர் ஒருவர் ஊருக்குப் போயிருந்தாலும் மொத்த விற்பனையும் நின்றுவிடும்.

கடிதம் விற்பவரிடமிருந்து போக வேண்டும், ஏனென்றால் மருத்துவமனைக்குத் தெரிந்தவர் அவர்தான். வாங்குபவர் யார், அவருக்கு என்ன உரிமம், என்ன காப்பீடு, அதே டெக்னீஷியன்கள்தான் வருவார்களா என்று மருத்துவமனை கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதிலைக் கடிதத்தோடே வையுங்கள். கையெழுத்துக்குத் தயாராக நோவேஷன் ஒப்பந்தத்தையும் அனுப்பிவிடுங்கள். "கொள்கையளவில் சம்மதமா" என்று முதலில் கேட்டு, அப்புறம் பத்திரம் அனுப்பினால் ஒரே ஆளிடம் இரண்டு முறை நேரம் கேட்க வேண்டிவரும்.

கடிதத்தில் "14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாக எடுத்துக்கொள்வோம்" என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மௌனமும் சம்மதம் என்று அந்த ஒப்பந்தமே சொன்னால் ஒழிய, பொதுவாக இந்த வரிக்குப் பலன் இல்லை. நோவேஷனுக்கு மறுதரப்பின் சம்மதம் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னால் மருத்துவமனை புதியவரின் பில்லுக்குப் பணம் கட்டி, அவரிடமே குறைகளைச் சொல்லி வந்தால், நடத்தையிலிருந்து சம்மதத்தை நீதிமன்றம் ஊகிக்கலாம். அது தகராறு வந்தபின் தேடும் வாதம். திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

6. நோவேஷன் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

பத்திரம் சின்னது, இரண்டு மூன்று பக்கம். ஆனால் பிந்தைய சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டு பக்கத்தில் விடுபட்டவற்றிலிருந்துதான் வருகின்றன.

முதலில் அமலுக்கு வரும் நாள். கையெழுத்திடும் நாளை அப்படியே போட்டுவிடாதீர்கள். மருத்துவமனை மே 28 அன்று கையெழுத்துப் போடுகிறது, கைமாறும் நாள் ஜூலை 1 என்றால், நடுவில் விற்பனை முறிந்துபோகலாம். அப்போது ஒப்பந்தம் வாங்குபவரிடம் போய்விட்டது, வியாபாரம் விற்பவரிடமே இருக்கிறது என்ற விபரீத நிலை வரும். "விற்பனை நிறைவேறும் நாளில், நிறைவேறினால் மட்டுமே, இது அமலுக்கு வரும், அந்த நாளை விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எழுத்தில் தெரிவிப்பார்கள்" என்று எழுதுங்கள். ஜூலை 1 ஜூலை 15 ஆனாலும் மருத்துவமனையிடம் மறுபடி கையெழுத்துக்குப் போக வேண்டாம்.

அடுத்தது விடுவிப்பும் ஏற்பும். மருத்துவமனை விற்பவரை விடுவிக்கிறது; வாங்குபவர் ஆரம்பத்திலிருந்தே தரப்பாக இருந்ததுபோல ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுகிறார்; மருத்துவமனையும் அவருக்குக் கட்டுப்படுகிறது. இந்த மூன்றும் தனித்தனி வாக்கியங்களாக வர வேண்டும். விடுவிப்பு விடுபட்டால், புதியவர் கூடுதலாகச் சேர்ந்துகொண்டார், பழையவரும் பொறுப்பில்தான் இருக்கிறார் என்று வாதாட முடியும்.

இனி பழைய பொறுப்புகள். நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. மே 20 அன்று ஒரு லிஃப்ட் தடுக்கென்று நின்றதில், உள்ளே தள்ளிக்கொண்டு போன ஸ்கேன் கருவி ஒன்று சேதமாகிறது. நஷ்டஈடு கேட்டு மருத்துவமனையின் கடிதம் செப்டம்பரில் வருகிறது. யார் கொடுப்பது?

"ஆரம்பத்திலிருந்தே தரப்பாக இருந்ததுபோல" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால், வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும். அவர் கால் வைக்காத லிஃப்டுக்கு, அவர் வருவதற்கு முன்பே நடந்ததற்கு. ஆகவே கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

ஒரு வழி, மருத்துவமனையைப் பொறுத்தவரையே பிரித்துவிடுவது: அமலாகும் நாளுக்கு முன் நடந்த செயல்களுக்கும் தவறுகளுக்கும் விற்பவர், பின் நடந்தவற்றுக்கு வாங்குபவர். இதை எழுதினால் செப்டம்பர் கடிதம் விற்பவருக்குப் போகும். ஆனால் விடுவிப்பு வாக்கியத்தையும் அதற்கேற்ப "அமலாகும் நாளுக்குப் பின் எழும் கடமைகளிலிருந்து" என்று குறுக்க வேண்டும். விடுவிப்பு முழுமையாகவும் பொறுப்புப் பிரிவு பாதியாகவும் இருக்கும் பத்திரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

மற்றொரு வழி, மருத்துவமனைக்கு ஒரே ஆள், அதாவது வாங்குபவர், எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பழைய தவறுகளுக்கான செலவை விற்பவர் வாங்குபவருக்குத் திருப்பித் தருவார் என்று அவர்களுக்குள் விற்பனைப் பத்திரத்தில் எழுதிக்கொள்வது. மருத்துவமனைக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் கோளாறு ஜூன் கடைசியில் தொடங்கியதா, ஜூலை ஆரம்பத்திலா என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வாங்குபவரின் வழக்கறிஞராக நான் இருந்தால் முதல் வழியைத்தான் கேட்பேன். விற்பவர் விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு நிறுவனத்தை மூடிவிட்டால், திருப்பித் தருகிறேன் என்ற வாக்கு வெறும் காகிதம்.

முன்பணத்தின் கணக்கு விற்பனைப் பத்திரத்தில் வரும், ஆனால் நோவேஷனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரல் 1 அன்று விற்பவர் 12 லட்சம் வாங்கிவிட்டார். ஜூன் கடைசிவரை அவர் செய்த வேலை மூன்று மாதம், அதாவது 3 லட்சத்துக்கு. மீதி 9 லட்சத்துக்கான வேலையை வாங்குபவர் செய்யப்போகிறார், அவருக்கு அடுத்த ஏப்ரல்வரை மருத்துவமனையிடமிருந்து ஒரு பைசா வராது. அந்த 9 லட்சத்தை விலையிலிருந்து கழிக்க வேண்டும். இதை மறந்தால் வாங்குபவர் ஒன்பது மாதம் இலவசமாக லிஃப்ட் பராமரிப்பார்.

கடைசியாக, நிபந்தனைகள் மாறவில்லை என்ற வாக்கியம். மருத்துவமனை இந்தச் சந்தர்ப்பத்தில் கட்டணத்தையோ சேவை நேரத்தையோ மாற்றக் கேட்டால், அதைத் தனித் திருத்தக் கடிதமாக வையுங்கள். நோவேஷனுக்குள் கலந்தால், எந்த மாற்றம் எந்த நாளிலிருந்து என்று பின்னால் பிரிக்க முடியாது.

மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே தாளில் என்பது கட்டாயமில்லை, தனித்தனிப் பிரதிகளில் போடலாம் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மருத்துவமனையின் சார்பில் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூல ஒப்பந்தத்தில் நிர்வாக இயக்குநர் கையெழுத்திட்டிருக்க, நோவேஷனில் பராமரிப்பு மேலாளர் போட்டிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். முத்திரைத்தாள் கட்டணமும் வரியும் உண்டா என்பதை உள்ளூர்ச் சட்டப்படி சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்புங்கள்.

7. கேரண்டிகள்

நோவேஷன் பழைய ஒப்பந்தத்தை முடித்துவிடுகிறது என்றேன். பழைய ஒப்பந்தத்துக்காக மூன்றாம் நபர் கொடுத்த ஜாமீனும் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், அவர் சம்மதித்தால் ஒழிய. வாடிக்கையாளர் ஒருவரின் தாய் நிறுவனம் கட்டணத்துக்கு ஜாமீன் கொடுத்திருந்தால், அந்தத் தாய் நிறுவனமும் நான்காவது ஆளாகக் கையெழுத்திட்டு, ஜாமீன் புது ஒப்பந்தத்துக்கும் தொடரும் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் ஜாமீன் இல்லாத ஒப்பந்தத்தை ஜாமீன் உள்ள விலைக்கு வாங்கியிருப்பார்.

எதிர்ப்பக்கம், விற்பவர் தன் வங்கி மூலம் மருத்துவமனைக்கு ஒரு வங்கி உத்தரவாதம் கொடுத்திருப்பார். வாங்குபவர் தன் வங்கியிலிருந்து புதியதைக் கொடுக்கும்வரை மருத்துவமனை பழையதை விடாது. புதிய உத்தரவாதம் தயாராக வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஒப்புதல் கடிதம் போகும் நாளிலேயே வங்கிக்கும் விண்ணப்பம் போக வேண்டும்.

8. பாக்கிகளுக்கு அசைன்மென்டும் அறிவிப்பும்

மருத்துவமனை பிப்ரவரி உதிரிபாக பில்லுக்கு 2 லட்சம் கொடுக்க வேண்டும். வேலை முடிந்துவிட்டது. இந்தப் பாக்கியும் வாங்குபவருக்கு என்று பேசியிருந்தால் எழுத்துமூல அசைன்மென்ட் போடுங்கள். நம் ஷரத்து உரிமைகளையும் தடுப்பதால், இதற்கான ஒப்புதலையும் அதே நோவேஷன் பத்திரத்தில் ஒரு வரியாக வாங்கிவிடலாம்.

அப்புறம் அறிவிப்பு. இங்கிலாந்தின் 1925 சொத்துச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின்படி சட்டபூர்வமான அசைன்மென்டுக்குக் கடனாளிக்கு எழுத்துமூல அறிவிப்பு வேண்டும். இந்தியச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி, அறிவிப்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கையெழுத்தான பத்திரத்தாலேயே மாற்றம் முடிந்துவிடும். ஆனால் இரண்டிலும் நடைமுறைப் பாடம் ஒன்றே: அறிவிப்பு கிடைக்காத மருத்துவமனை பழையவருக்கே பணம் கட்டிவிட்டால் அதன் கடன் தீர்ந்தது. வாங்குபவர் விற்பவரின் பின்னால்தான் அலைய வேண்டும்.

அறிவிப்பைச் சீக்கிரம் கொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பாக்கியை வாங்குபவர் அதை அதன் குறைகளோடேயே வாங்குகிறார். அந்த உதிரிபாகங்களில் 50,000 மதிப்புள்ள ஒன்று பழுது என்று மருத்துவமனை சொன்னால், அதைக் கழித்துக்கொண்டு ஒன்றரை லட்சம் மட்டும் கொடுக்கலாம். அறிவிப்பு வந்தபின் வேறு விவகாரங்களில் புதிதாக எழும் கோரிக்கைகளைப் பொதுவாக இதில் கழிக்க முடியாது.

9. ஜூலை 1 வந்தும் ஒப்புதல் வராதவை

நாற்பதில் சில வரவே வராது. இதற்கான ஏற்பாட்டை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். வழக்கமான ஏற்பாடு: ஒப்புதல் வரும்வரை ஒப்பந்தம் விற்பவர் பெயரிலேயே இருக்கும், வேலையை வாங்குபவர் அவருடைய துணை ஒப்பந்தக்காரராகச் செய்வார், வரும் பணத்தை விற்பவர் வாங்குபவருக்காக வைத்திருந்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் அனுப்புவார், வேலையில் தவறு நேர்ந்தால் விற்பவருக்கு வரும் நஷ்டத்தை வாங்குபவர் ஈடுசெய்வார்.

இதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. துணை ஒப்பந்தத்தையும் தடுக்கும் ஷரத்து பல ஒப்பந்தங்களில் உண்டு. அதையும் படிக்காமல் டெக்னீஷியனை அனுப்பினால் ஒரு மீறலைத் தவிர்க்கப்போய் இன்னொன்றைச் செய்வோம். "ஒப்பந்தத்தின் மேல் எந்த உரிமையையும் பிறருக்காக வைத்திருக்கக் கூடாது" என்று எழுதியிருந்தால் பணத்தை வைத்திருந்து அனுப்பும் ஏற்பாட்டுக்கும் சிக்கல் வரும்.

ஏற்பாட்டுக்குக் கடைசித் தேதியும் வேண்டும். ஆறு மாதம் என்று வையுங்கள். அதற்குள் ஒப்புதல் வராவிட்டால், ஒப்பந்தத்தில் இடம் இருந்தால் முறையான நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்வதா, காலம் முடியும்வரை இதே ஏற்பாட்டில் ஓட்டுவதா, அதன் மதிப்பை விலையில் கழிப்பதா என்று இப்போதே எழுதுங்கள். தேதி இல்லாத ஏற்பாட்டில் விற்பவருக்கு அவசரம் இருக்காது. விலை கைக்கு வந்துவிட்டது.

10. கைமாறிய வாரம்

அமலான நாளை மருத்துவமனைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாங்குபவரின் வங்கிக் கணக்கு விவரத்தை விற்பவரின் லெட்டர்ஹெட்டிலும் வாங்குபவரின் லெட்டர்ஹெட்டிலும் சேர்த்து அனுப்புங்கள். கணக்கு மாறிவிட்டது என்று வரும் கடிதங்கள் மோசடிக்கும் பயன்படுவதால், மருத்துவமனையின் கணக்குப் பிரிவு விற்பவருக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் வேண்டும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்தால் முதல் பில் தேங்காது.

சில மாதங்களுக்குப் பழைய கணக்கிலும் பணம் விழும். எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து அனுப்புவது என்று விற்பனைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்பது பொருத்தமான இடைவெளி.

நாற்பது ஒப்பந்தங்களுக்கும் ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: ஒப்புதல் வந்த தேதி, மூன்று கையெழுத்தும் இருக்கிறதா, அமலான தேதி, புதிய வங்கி உத்தரவாத எண், பழைய உத்தரவாதம் திரும்பி வந்ததா. கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் ஆள் இருக்காது. பழைய உத்தரவாதத்தின் மூலப்பத்திரம் மருத்துவமனையின் அலமாரியில் இருக்கும்வரை, வாங்குபவர் செய்யும் தவறுக்கு விற்பவரின் வங்கியிடம் பணம் கேட்க அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அது விற்பவரின் வங்கிக்குத் திரும்பி, ரத்தானதாகக் கடிதம் வந்தபின்தான் அந்த வரியை மூடுங்கள்.